உயரத்தையே சேமியுங்கள்

ஏவிஎல் மரத்தின் கணுவில் சமநிலை எண்ணைவிட உயரத்தையே வைக்கச் சொல்வேன். வேர் 20, இடப்பிள்ளை 10, அதன் கீழே 5, 15, வலப்பிள்ளை 30. இப்போது 30-ஐ நீக்கி வலப்புறம் சுழற்றினால் 10 வேராகிறது, 15-ஐ இடப்பக்கம் தாங்கிய 20 கீழிறங்குகிறது. செருகலுக்கு எழுதிய நிரல் இரண்டின் சமநிலையையும் 0 ஆக்கிவிடும். உண்மையில் (வலம் கழித்தல் இடம்) 10-க்கு +1, 20-க்கு -1. தேடல் சரியாகவே விடை தருவதால் இப்பிழை சோதனைகளில் எளிதில் தப்பிவிடும். உயரமோ, முதலில் 20-க்கு 2, பிறகு 10-க்கு 3 எனப் பிள்ளைகளிலிருந்தே கணக்காகிறது. தனி விதி தேவையில்லை. சமநிலைக்கு இரண்டு பிட் போதும், பிள்ளைகளைத் தொடவும் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் உயரத்துக்கும் ஒரு பைட் போதும். 64 பிட் கணினியில் சுட்டிகளுக்குப் பக்கத்தில் அந்த மிச்சம் பெரும்பாலும் வெற்றிடமாகவே போகிறது.