மாலையானா மீட்டிங், ராத்திரியானா மெசேஜ்: நெட்வொர்க்கிங் ஏன் ஆளையே காலி செய்கிறது?

மாலை ஆறரை மணிக்கு கிண்டியில் ஒரு தொழில்முனைவோர் சந்திப்பு. ஒன்பது மணிக்கு முடிகிறது. அம்பத்தூரில் வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. சாப்பிட்டு முடித்து போனை எடுத்தால், "நைஸ் மீட்டிங் யூ சார்" என்று பதினொரு மெசேஜ்கள். புதிதாக சேர்க்கப்பட்ட ஒரு வாட்ஸ்அப் குழுவில் எண்பது மெசேஜ்கள். எல்லாவற்றுக்கும் கைகூப்பும் எமோஜி போட்டு முடிப்பதற்குள் நள்ளிரவு. மறுநாள் மாலை தரமணியில் இன்னொரு நிகழ்ச்சி.

சென்னையில் சிறுதொழில் நடத்துபவர்கள், ஃப்ரீலான்சர்கள், ஸ்டார்ட்அப் ஊழியர்கள் பலருக்கும் இது பழகிப்போன அட்டவணைதான். நாலு பேரைத் தெரிந்து வைத்திருந்தால்தான் தொழில் நடக்கும் என்பதும் உண்மை. ஆனால் மாதக்கணக்கில் இப்படி ஓடிய பிறகு, அழைப்பிதழைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது என்கிறார்கள். இது சோம்பலா, கூச்ச சுபாவமா, இல்லை வேறு ஏதாவதா?

அங்கே உற்சாகம், மூன்று மணி நேரம் கழித்து களைப்பு

கூட்டத்தில் பேசிப் பழகுவது உள்முக சுபாவம் உள்ளவர்களைத்தான் களைப்பாக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பின்லாந்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 48 பேரிடம், 12 நாட்கள், தினமும் சில முறை "இப்போது என்ன செய்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். கலகலப்பாகப் பேசும் நேரத்தில் எல்லோருக்கும் மனநிலை நன்றாகவே இருந்தது. ஆனால் சுமார் மூன்று மணி நேரம் கழித்து களைப்பு கூடியிருந்தது. கலகலப்பான ஆட்களுக்கும் இதே கதைதான். 2017-ல் வெளியான ஆய்வு இது.

இந்த மூன்று மணி நேர இடைவெளிதான் நம்மை ஏமாற்றுகிறது. நிகழ்ச்சி நடக்கும்போது உற்சாகமாக இருப்பதால், அங்கேயே "அடுத்த வாரமும் கண்டிப்பா வர்றேன்" என்று ஒத்துக்கொள்கிறோம். களைப்பு வந்து சேருவதோ வீட்டில், அதுவும் மெசேஜ்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில். அதனால் பழி "இன்னைக்கு டிராஃபிக் ஜாஸ்தி" என்று சாலை மேல் போய்விடுகிறது. டிராஃபிக்குக்கும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் முழுப் பங்கும் அதற்கில்லை.

போனது புது ஆளைப் பார்க்க, பேசியது பழைய ஆளோடு

சரி, களைத்தாலும் பலன் கிடைத்தால் போதும் என்று சொல்லலாம். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் இங்ரம், மைக்கேல் மோரிஸ் இருவரும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழில்துறையினர் சுமார் 100 பேர் கலந்துகொண்ட மாலை விருந்தில், யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை எலக்ட்ரானிக் கருவிகளை அணிவித்துப் பதிவு செய்தார்கள். புதியவர்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று பெரும்பாலானோர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நடந்தது வேறு. ஏற்கெனவே தெரிந்தவர்களைத்தான் அதிகம் தேடிப் போய்ப் பேசினார்கள்.

நம்ம ஊர் ஓட்டல் ஹாலில் காபி கப்போடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். போன மாதம் பார்த்த அதே நாலு பேர், அதே மூலை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை. அறிமுகம் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்தத் தகவலைச் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 16.7% மட்டுமே. எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6%. வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்றவர்கள் 27.8%. காரணம் எளிமையானது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுத் தகவல் தூரத்து அறிமுகத்திடமிருந்துதான் வரும்.

நெட்வொர்க்கிங் செய்யச் சொல்பவர்கள் இந்த ஆய்வைச் சொல்லித்தான் "நிறைய பேரைப் பாருங்க" என்பார்கள். ஆனால் அதே கணக்கை இன்னொரு பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். பயன்தந்த அந்த அறிமுகங்களில் பெரும்பாலானவை வாரம் இரண்டு முறை சந்தித்து, தினமும் குட்மார்னிங் அனுப்பிக் காப்பாற்றப்பட்டவை அல்ல. அவற்றில் கால்பங்குக்கும் மேல், வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தாலே உயிரோடு இருந்தவை. அப்படியானால் ராத்திரி பதினொன்றரைக்கு எல்லோருக்கும் பதில் போடுவது யாருக்காக?

ஒரு வாரத்தின் விலை என்ன?

அம்பத்தூரில் பேக்கேஜிங் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்தும் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வாரம் நான்கு மாலைகள் நிகழ்ச்சிக்குப் போகிறார். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். போய்வர இரண்டு மணி நேரம். அதையொட்டி வரும் மெசேஜ்களுக்கு இன்னொரு மணி நேரம். ஆக ஒரு நிகழ்ச்சியின் உண்மையான விலை ஐந்தரை மணி நேரம். வாரத்துக்கு 22 மணி நேரம். 48 மணி நேர வேலை வாரத்தில் இது கிட்டத்தட்ட பாதி. தூக்கத்தில் போனதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இவர் செய்யக்கூடிய முதல் வேலை, மூன்று மாத காலண்டரை எடுத்து உட்கார்வது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரில் ஒரே ஒரு கேள்வி: இங்கே பார்த்த யாரோடாவது இரண்டாவது முறை பேசினேனா? ஆர்டர் வந்ததா என்று கேட்கக் கூடாது. ஆர்டர் வர ஒரு வருடம்கூட ஆகலாம். இரண்டாவது உரையாடல் நடந்ததா என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியலில், இருபது இருபத்தைந்து பேர் வரும் துறை சார்ந்த மாதக் கூட்டத்துக்கும், கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்புக்கும் நேராக மட்டும் "ஆமாம்" விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு பேர் வரும் ஓட்டல் நிகழ்ச்சிகளுக்கு எதிரில் ஒன்றுமே இல்லை. எதை விடுவது என்று இனி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு மாலைகள், அவையும் அடுத்தடுத்த நாட்களில் இல்லாமல். 22 மணி நேரம் 11 ஆகிறது.

மறுப்பதுதான் கஷ்டம். இழுத்தடித்து கடைசி நேரத்தில் வராமல் போவதை விட, அழைப்பு வந்த அன்றே சொல்லிவிடுவது அழைத்தவருக்கும் நல்லது: "சார், இந்த வாரம் ரெண்டு நிகழ்ச்சி ஏற்கெனவே ஒத்துக்கிட்டேன். இதுக்கு வர முடியாது. அடுத்த மாசம் கூட்டம் எப்போன்னு சொல்லுங்க, அதுக்கு வர்றேன்." நீண்ட விளக்கம் தேவையில்லை. விளக்கம் கூடக் கூட, பேரம் பேச இடம் கிடைக்கும்.

போகும் நிகழ்ச்சிக்கு, ஆரம்பிக்கும் நேரத்திலேயே போய்விடுவது நல்லது. கூட்டம் சேர்வதற்கு முன் தனியாக நிற்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், புதியவரிடம் பேச்சுக் கொடுப்பது சுலபம். யாரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரை முன்பே முடிவு செய்து, முடிந்தால் காலையிலேயே "சாயங்காலம் அங்க இருப்பேன், அஞ்சு நிமிஷம் பேசலாமா" என்று கேட்டு வைக்கலாம். பேசி முடித்ததும், விசிட்டிங் கார்டின் பின்னால் ஒரு வரி: என்ன பேசினோம், அடுத்து என்ன. அதன்பின் எட்டு மணிக்குக் கிளம்பினாலும் ஒன்றும் நஷ்டமில்லை.

பெண்களுக்கு இதில் கூடுதல் சுமை உண்டு. இரவில் வீடு திரும்பும் பயணம், வீட்டு வேலை இரண்டையும் கணக்கில் எடுக்காமல்தான் பெரும்பாலான நிகழ்ச்சிகள் மாலையில் வைக்கப்படுகின்றன. காலை அல்லது மதிய நேரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை.

மெசேஜ்களை என்ன செய்வது?

அன்றிரவே பதில் போட வேண்டியதில்லை. மறுநாள் காலை இருபது நிமிடம் ஒதுக்கி, கார்டில் குறிப்பு எழுதிய இரண்டு மூன்று பேருக்கு மட்டும் விவரமாக எழுதினால் போதும். மற்றவர்களின் எண்ணை, எங்கே பார்த்தோம் என்ற குறிப்போடு சேமித்து வைக்கலாம். தூரத்து அறிமுகம் அப்படியே இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில், கண்டவர்கள் குழுவில் சேர்ப்பதைக் குறைக்க `Settings > Privacy > Groups` சென்று `My contacts` என்று மாற்றலாம். உங்கள் போனில் எண் இல்லாதவர்கள் அதன்பின் நேரடியாகச் சேர்க்க முடியாது, அழைப்புதான் அனுப்ப முடியும். சத்தத்தை மட்டும் நிறுத்தினால் குழு பட்டியலின் மேலே வந்துகொண்டேதான் இருக்கும், கண்ணும் அங்கேதான் போகும். ஆர்க்கைவ் செய்தால் பட்டியலிலிருந்து ஒதுங்கிவிடும். வெளியேறினால் எல்லோருக்கும் தெரியுமே என்ற பயமும் வேண்டாம். 2022 முதல் அட்மின்களுக்கு மட்டும்தான் தகவல் போகிறது.

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருப்பவர்கள் `Away message` வசதியில் நேரம் குறித்துக்கொள்ளலாம். "வணக்கம். இரவு 8 மணிக்கு மேல் வரும் மெசேஜ்களை மறுநாள் காலை 10 மணிக்குப் பார்ப்பேன். அவசர ஆர்டர் என்றால் போன் செய்யவும்." கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் உண்மையான அவசரத்தைத் தவறவிடுவோமோ என்று நீங்களே போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மேலதிகாரி போகச் சொன்னால்?

இதெல்லாம் சொந்தத் தொழில் செய்பவருக்குச் சரி. நிறுவனம் அனுப்பிப் போகும் ஊழியருக்கு மறுக்கும் வசதி குறைவு. பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் மக்களவையில் இதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இப்போதைக்கு ஊழியர் கேட்கக்கூடியது, மாலை நிகழ்ச்சியை வேலை நேரமாகக் கணக்கிட்டு மறுநாள் தாமதமாக வர அனுமதி.

களைப்பா, பர்ன்அவுட்டா?

உலக சுகாதார அமைப்பு 2019-ல் பர்ன்அவுட்டை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சமாளிக்கப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றது. மூன்று அடையாளங்களையும் சொன்னது: சக்தியெல்லாம் வற்றிப்போன உணர்வு, வேலை மீது விலகலும் வெறுப்பும், செயல்திறன் குறைவது.

நெட்வொர்க்கிங் செய்பவரிடம் இது எப்படித் தெரியும்? ஹாலுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு பத்து நிமிடம் உள்ளே போக மனமில்லாமல் நிற்பது. எதிரே பேசுபவரைப் பார்த்ததும் "இவரும் ஏதோ விற்க வந்திருக்கார்" என்று மட்டுமே தோன்றுவது. நேற்று பேசியவரிடம் என்ன ஒத்துக்கொண்டோம் என்பதே மறந்துபோவது.

இரண்டு மூன்று மாலைகள் ஓய்வெடுத்து நன்றாகத் தூங்கியதும் சரியானால் அது வெறும் களைப்பாக இருக்கலாம். நிகழ்ச்சிகளைக் குறைத்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பிடித்த விஷயங்களிலும் ஆர்வம் போய்விட்டால், காரணம் காலண்டரில் மட்டும் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.