ஒரே விடை, இரண்டு தப்பு

52-லிருந்து 27 போனால் மிச்சம் எவ்வளவு? 25 என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 35 என்று எழுதி வைத்திருக்கிறான். அதே தாளில் 48-லிருந்து 23-ஐக் கழிக்கச் சொன்னதற்கு 25 என்று சரியாகவே எழுதியிருக்கிறான். நீங்கள்தான் அவனுடைய டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே! முதலில் என்ன செய்வீர்கள்?

அ) சரியான விடையைச் சொல்லி, ஐந்து தடவை எழுதிக் கொண்டுவரச் சொல்வேன்.
ஆ) கடன் வாங்கிக் கழிக்கும் முறையைக் கரும்பலகையில் மறுபடி போட்டுக் காட்டுவேன்.
இ) அந்தக் கணக்கை எப்படிப் போட்டான் என்று அவனையே சொல்லச் சொல்லிக் கேட்பேன்.
ஈ) நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன்.

மேலே படிக்குமுன் ஒன்றைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.

ஆத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் தொடக்கப் பள்ளியில் இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு சகோதரி 'ஆ'வைக் குறித்தாராம். மாதிரித் தாளில் இருந்த கேள்வி இது. விடைப் பக்கத்தைப் புரட்டினால் 'இ' என்று போட்டிருந்ததாம். "தினமும் வகுப்பில் எதைச் செய்கிறேனோ அதைத்தான் எழுதினேன். அது தப்பென்றால், இத்தனை வருஷம் நான் சொல்லிக் கொடுத்ததும் தப்பா?" என்று மனம் நொந்து கடிதம் எழுதியிருக்கிறார்.

அவர் நோவதற்குக் காரணம் இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர்களுக்குத் தகுதித் தேர்வு வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் விதித்தது. அதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்கள் நமக்கென்ன என்றிருந்தார்கள். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்குள் இந்தத் தேர்வில் தேறியாக வேண்டும் என்றது. இருபது வருஷம் கேள்வி கேட்டுப் பழகியவர் பரீட்சை ஹாலில் போய் உட்கார வேண்டுமென்றால் மனம் கலங்காமல் இருக்குமா?

ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் இந்தப் பரீட்சையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு உரியது முதல் தாள். மொத்தம் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். அவற்றில் 30 கேள்விகள் குழந்தை வளர்ச்சியையும் கற்பிக்கும் முறையையும் பற்றியவை. தப்பாக எழுதினால் மார்க்கைக் குறைப்பதில்லை. மொழிக்கும் கணக்குக்கும் புத்தகத்தைப் படித்துவிடலாம். அனுபவசாலிகளைக்கூடத் திணற வைப்பவை, 'இப்படி ஒரு சந்தர்ப்பம். நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும் கேள்விகள். நான்கு விடைகளும் ஓரளவுக்குச் சரியாகவே தோன்றும். அவற்றில் மிகச் சிறந்தது எது என்பதுதான் கேள்வி.

நம் பையனிடம் வருவோம். 35 என்ற விடை அவனுக்கு எப்படி வந்தது?

பையன் இப்படி நினைத்திருக்கலாம்: மேலே 2, கீழே 7. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். 7-லிருந்து 2 போனால் 5. அடுத்தது 5-லிருந்து 2 போனால் 3. ஆக 35. எந்த எண் மேலே, எது கீழே என்ற கவலையே அவனுக்கு இல்லை. 48-லிருந்து 23-ஐக் கழிக்கும்போது மேலே உள்ளவை பெரிய எண்களாகவே இருந்ததால் அவன் தப்பு வெளியே தெரியவில்லை.

அல்லது இப்படியும் நடந்திருக்கலாம்: 2-லிருந்து 7 போகாது. பக்கத்திலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்கினால் 12. 12-லிருந்து 7 போனால் 5. இதுவரை பிசகே இல்லை. ஆனால் கடன் கொடுத்த 5, இப்போது 4 ஆகிவிட்டது என்பதை மறந்துவிட்டான். 5-லிருந்து 2 போனால் 3. இதற்கும் விடை 35!

வேடிக்கையைப் பார்த்தீர்களா? விடை ஒன்று, கோளாறு இரண்டு. முதல் பையனுக்குக் கடன் வாங்குவது எதற்காக என்பதே தெரியாது. இரண்டாமவனுக்கு அது நன்றாகத் தெரியும். குறைத்து எழுதத்தான் மறந்துபோகிறான். தாளை மட்டும் பார்த்து எவன் எவன் என்று சொல்ல முடியாது. கரும்பலகையில் மறுபடி போட்டுக் காட்டினால், முதல் பையன் டீச்சர் ஏதோ கோடு அடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டாமவன், இதுதான் எனக்குத் தெரியுமே என்று ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். காய்ச்சலா அஜீரணமா என்று விசாரிக்காமல் டாக்டர் மருந்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்!

ஆகவேதான் 'இ'. கேள்வியில் இருக்கும் 'முதலில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கரும்பலகையில் போட்டுக் காட்டுவது கெட்ட காரியம் என்று யாரும் சொல்லவில்லை. அது இரண்டாவது படி. முதல் படியைத் தாண்டி அங்கே போய்விட்டார் ஆத்தூர்ச் சகோதரி. இருபது வருஷ அனுபவம் அவரைக் கைவிடவில்லை, அவசரப்படுத்திவிட்டது, அவ்வளவுதான். தப்பு விடையைக் கண்டதும் கை தானாகச் சாக்கட்டியைத் தேடுகிறது!

பிள்ளைகளின் கழித்தல் தப்புகள் பெரும்பாலும் ஏனோதானோவென்று வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு விதி இருக்கிறது என்று அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-ல் ஆராய்ந்து எழுதினார்கள். 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்பது அவர்கள் கண்ட விதிகளில் ஒன்று. மேற்படி கேள்விக்கு ஆதாரம் இந்த எண்ணந்தான்.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். "எப்படிப் போட்டாய் என்று கேட்டதற்கு, '7-லிருந்து 2 போனா 5, டீச்சர்' என்று பையன் சொன்னான். அடுத்து என்ன செய்வீர்கள்?" இதற்கும் 'எப்படிப் போட்டான் என்று கேட்பேன்' என்று குறித்தால் மார்க் போயிற்று. நோய் தெரிந்துவிட்டது, இனி வேண்டியது மருந்து. பத்துப் பத்துக் குச்சிகளாக ஐந்து கட்டும், இரண்டு உதிரிக் குச்சியும் அவன் கையில் கொடுத்து, 27 குச்சியை எடுத்துத் தா என்று கேட்க வேண்டும். ஏழு உதிரி கொடுக்க அவனிடம் இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்த்தால்தான் ஆகும். கடன் வாங்குவது எதற்கு என்பதை அந்த நிமிஷத்தில் அவன் விரல்களே கற்றுக்கொள்ளும். மறக்கிற பையனாக இருந்தால், கட்டை அவிழ்த்த பிறகு, "மீதிக் கட்டு எத்தனை?" என்ற ஒரு கேள்வி போதும்.

ஆகையால் 'எப்போதும் குழந்தைக்கு இதமான விடையைக் குறி' என்று சிலர் சொல்லிக் கொடுக்கும் குறுக்கு வழியை நம்பாதீர்கள். அடி, திட்டு, அவமானம் இருக்கும் விடையைத் தள்ளிவிடலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே அவற்றைத் தடுத்திருக்கிறது. ஆனால் நல்ல கேள்வியில் அப்படிப்பட்ட விடை இருக்காது. நான்குமே இதமாக இருக்கும். தீர்ப்புச் சொல்வது கேள்வியிலுள்ள ஒரு செய்திதான். 48-லிருந்து 23 என்ற கணக்கை அவன் சரியாகப் போட்டான் என்று சொல்லியிருப்பது சும்மா இல்லை. பையனுக்குக் கழித்தலே தெரியாது என்று நாம் முடிவு கட்டிவிடாதபடி அது தடுக்கிறது.

சரி, கேள்வியே கோளாறாக இருந்தால்? அப்படியும் உண்டு. "ஒரு மாணவன் வகுப்பில் சோர்ந்து இருக்கிறான், என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டு, 'அவனிடம் பேசுவேன்', 'அவன் அம்மாவிடம் பேசுவேன்' என்று இரண்டு விடை கொடுத்தால், எதைத் தப்பென்று சொல்வது? எத்தனை நாளாகச் சோர்வு, முன்பு யாராவது விசாரித்தார்களா என்ற செய்தி இல்லாதபோது இரண்டுக்கும் நியாயம் உண்டு. பரீட்சை முடிந்ததும் வாரியம் தற்காலிக விடைக் குறிப்பை வெளியிட்டு ஆட்சேபணை கேட்பது இதற்காகத்தான். ஆட்சேபணைக்குத் தரமான பாடநூலிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். கடையில் விற்கும் கைடு போதாது.

ஆத்தூர்ச் சகோதரி இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு நடத்துகிறேன். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு எப்படிப் போட்டாய் என்று கேட்க நேரமேது?" நியாயமான கேள்வி. பரீட்சைத் தாளில் ஒரே ஒரு பையன்தான் இருக்கிறான். அவருடைய வகுப்பில் அப்படி இல்லை. சரியான விடையைக் குறித்தவர் வகுப்பிலும் அப்படியே செய்வார் என்று எந்தப் பரீட்சையும் சாட்சி சொல்லாது.

ஆனால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. 52-க்குப் பதிலாக 53-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். சரியான விடை 26. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிற பிள்ளை 34 என்று எழுதும். கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறந்த பிள்ளை 36 என்று எழுதும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சிலேட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னால் மொத்த வகுப்பும் ஒரே நிமிஷத்தில் பதில் சொல்லிவிடும். 34 எழுதியவர்களுக்குக் குச்சிக் கட்டு. 36 எழுதியவர்களுக்கு, கடன் கொடுத்த எண்ணை அடித்து மேலே புது எண் எழுதும் பழக்கம். வேறு ஏதாவது எழுதியவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் போதும்.

பரீட்சைக்குப் படிக்கும் சகோதரிகள் மாதிரித் தாளில் தப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் விடையை மனப்பாடம் செய்வதை விட்டு, அந்த விடையைத் தீர்மானித்த சொல் எது என்று தேடி அடிக்கோடு போடுங்கள். 'முதலில்' என்பதா, 'அடுத்து' என்பதா, பையன் ஏற்கெனவே சரியாகச் செய்த ஒரு கணக்கா? சொல் அகப்படாவிட்டால், கேள்வியை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை. அல்லது கேள்வியே கோளாறு.

பரீட்சை எழுதாத சகோதரிகளுக்கும் ஒரு வேலை உண்டு. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் 53-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 34 வந்தால் ஒரு வழி, 36 வந்தால் வேறு வழி. 26 வந்தால்? அப்போதும் "எப்படிப் போட்டாய், கண்ணு?" என்று ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்!