நாற்பது விநாடி வாழ்த்து

தை பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே புலம்பெயர் தமிழர்களின் கைப்பேசிகளில் கடைக்காரர்களின் பொங்கல் வாழ்த்துக் காணொளிகள் வந்து குவியத் தொடங்கிவிடும். பெரும்பாலானவற்றை ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தால் எந்தக் கடையுடையது என்று சொல்ல முடியாது. ஒலியோடு பார்த்தாலும் அதே நிலைதான். கோலம், கரும்பு, நாதஸ்வரம், பட்டுடுத்திய குடும்பம் கைகூப்பி நிற்க, வானொலி அறிவிப்பாளர் குரலில் ஒரு வாசகம். குடும்பத்தார் நடத்தும் கடைக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை என்பது என் கருத்து. பெருநிறுவனத்துக்கு இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தெரிந்த முகமும் அந்த முகத்துக்குரிய பேச்சும்தான் அது. வாழ்த்தை எழுதுபவர் முதலில் களைந்தெறிவதும் அதைத்தான்.

ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று நடத்தும் பலசரக்குக் கடைக்காக எழுதப்பட்ட வாசகம் ஒன்று, எழுத்துப்பிழை பார்ப்பதற்காக என்னிடம் வந்தது. நாற்பது விநாடிக் காணொளிக்கு நூற்றுப்பத்துச் சொற்கள். "தாய்மண்ணை விட்டுத் தொலைவில் வாழ்ந்தாலும்" என்று தொடங்கி, தித்திக்கும், எத்திக்கும் என்று எதுகை தேடிப் போய், தரம், சுத்தம், நியாய விலை ஆகிய மூன்றையும் தொட்டு, "வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முடிந்தது. ('வாழ்த்துக்கள்' என்றுதான் இருந்தது; ஒற்றை நீக்கினேன். அந்தப் பழைய சண்டையை இங்கே தொடர வேண்டாம்.)

வாய்விட்டு, அவசரமில்லாமல் படித்துப் பார்த்தபோது ஒரு நிமிடத்தைத் தாண்டியது. தமிழில் சொற்களை எண்ணி நேரத்தைக் கணக்கிட முடியாது. அந்தக் கடைசித் தொடர் இரண்டே சொற்கள். எழுத்தெண்ணிப் பார்த்தால் 18. நாற்பது விநாடியில் பானை பொங்கவும் வேண்டும், ஒருவர் சிரிக்கவும் வேண்டும் என்றால், பேச்சுக்கு மிஞ்சுவது இருபது விநாடிக்கு மேல் இராது. அதற்குள் நூற்றுப்பத்துச் சொற்களைத் திணித்தால் பேசுபவர் ஓடத்தான் வேண்டும். ஓடுகிற குரலில் கனிவு எப்படி இருக்கும்?

நீளத்தைக் குறைத்துவிடலாம். மொழியின் சிக்கல் அதைவிடப் பெரிது. அந்த வாசகத்தைப் பேச வேண்டியவர்கள் எழுபது கடந்த ஓர் அப்பம்மாவும், அங்கேயே பிறந்த எட்டு வயதுப் பேத்தியும். அப்பம்மா வாழ்நாளில் ஒருமுறையும் 'தெரிவித்துக்கொள்கிறோம்' என்று பேசியிருக்க மாட்டார். பேத்தி வீட்டுத் தமிழை நன்றாகப் புரிந்துகொள்வாள். எழுத்துத் தமிழ் அவளுக்கு ஏறக்குறைய வேற்றுமொழி. யாரோடு ஒட்டி நிற்கவேண்டும் என்று வாழ்த்து விரும்புகிறதோ, அவர்களுக்கே புரியாத மொழியில் அதை எழுதுகிறோம். செந்தமிழுக்கு நான் எதிரியல்லன். ஒன்ராறியோ 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டன. அதற்கான மேடைகளில் செந்தமிழ் ஒலிக்கட்டும். கடையின் கல்லாவில் நிற்பவர் அப்படிப் பேசினால், பழகிய மனிதர் திடீரென்று அந்நியராகிவிடுகிறார்.

வட்டார வழக்கு இன்னும் நுட்பமானது. அந்த வாசகத்தில் 'பாசிப்பருப்பு' என்று ஒரு சொல் இருந்தது. யாழ்ப்பாணத்தார் பொங்கலுக்குப் போடுவது பயறு. கடையின் தட்டில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் பயறு என்றே இருக்கிறது. இந்த ஒரு சொல்லிலிருந்தே, எழுதியவர் சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார், கடைக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை என்பதைப் பார்ப்பவர் கண்டுகொள்வார். இதே கடை சிங்கப்பூரிலோ கிள்ளானிலோ இருந்தால் வேறு சொற்கள் வேண்டும். உலகத் தமிழர் அனைவருக்கும் பொதுவாக ஒரே வாழ்த்து என்பது எவர் வீட்டிலும் பேசப்படாத தமிழில்தான் முடியும்.

"தொலைவில் வாழ்ந்தாலும்" என்ற தொடக்கத்தை முற்றாக நீக்கச் சொன்னேன். கடைக்காரருக்கு இதில் மனத்தாங்கல்தான். அழுகை வரவேண்டாமா என்று கேட்டார். போரில் உறவுகளைப் பறிகொடுத்து வந்தவர்கள் அந்த வாடிக்கையாளர்களிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் துயரத்தைக் கரும்பு விற்கும் காணொளிக்கு முன்னுரையாக வைப்பது எனக்கு உடன்பாடில்லை. தவிர, பேத்திக்கு எது தொலைவு? ஸ்காபரோ அவளது ஊர். அந்த வாக்கியத்தைச் சொல்லவைக்கும்போது அவளைச் சொந்த வீட்டில் விருந்தாளியாக்குகிறோம்.

அப்படியானால் எதைக் காட்டுவது? அங்கே உண்மையில் நடப்பதைத்தான். சனவரி நடுவில் டொரன்டோவில் சூரியன் எழ ஏழே முக்கால் மணி தாண்டிவிடும். முற்றத்தில் பனி கிடக்கும். அன்று பள்ளிக்கூடமும் உண்டு. பானை மின்னடுப்பில் ஏறுகிறது; பால் வழிந்து சூடான தட்டில் கருகியதும் கூரையிலுள்ள புகைமணி அலறுகிறது; யாராவது ஒருவர் துவாயை எடுத்து விசிறுகிறார். இதை எந்த வாழ்த்துக் காணொளியிலும் நான் கண்டதில்லை. அங்கே பொங்குபவர்களுக்கோ இது பழகிப்போன காட்சி. ஊரில் பானை பொங்கும்போது சீனவெடி, இங்கே புகைமணி! கடைசியில் எழுதிக் கொடுத்தது இதுதான்:

இருட்டுச் சமையலறை. சன்னலுக்கு வெளியே பனி. அடுப்பில் பானை. இசை இல்லை.

பேத்தி: அப்பம்மா, இன்னும் பொங்கேல்லையோ?

அப்பம்மா: பொறு பிள்ளை, கொஞ்சம் பொறு.

பால் பொங்கி வழிகிறது. புகைமணி. மகன் துவாயோடு ஓடி வருகிறார்.

பேத்தி: பொங்கீட்டுது! பொங்கீட்டுது!

கடை. காலை வெளிச்சம். கல்லாவில் அப்பம்மா, கையில் பொங்கல் கிண்ணம்.

அப்பம்மா: எங்கட வீட்டில பொங்கியாச்சு. உங்கட வீட்டிலயும் பொங்கட்டும். எல்லாருக்கும் தைப்பொங்கல் வாழ்த்துகள்.

கடையின் பெயர் எழுத்தில் மட்டும், மூன்று விநாடி.

பேசும் சொற்கள் இருபதுக்குச் சற்றே குறைவு. பேருந்தில் ஒலியில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் திரையில் எழுத்தும் வேண்டும். அங்கே பலர் வழுக்குகிறார்கள்: வாய் 'எங்கட' என்னும், எழுத்து 'எங்கள்' என்னும். கண்ணும் காதும் வேறுபட்டால் பார்ப்பவர் மனம் ஒரு கணம் தடுக்கும். பேசியதையே எழுதச் சொன்னேன். இலக்கணம் பிழைத்துக்கொள்ளும்.

படம் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பானைப் பால் ஒருமுறைதான் பொங்கும். மறுபடி எடுக்க வேண்டுமானால் பானையைக் கழுவி, புதுப் பால் ஊற்றி, காத்திருக்க வேண்டும். அதற்குள் குழந்தையின் ஆர்வம் வடிந்துவிடும். முதலில் தண்ணீரை வைத்து ஒத்திகை பார்த்து, யார் எங்கே நிற்பது என்று முடிவுசெய்துவிட வேண்டும். பாலோடு எடுப்பது இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். 'பொறு பிள்ளை' என்பதை அப்பம்மா வேறு விதமாகச் சொன்னால் அப்படியே விட்டுவிடலாம். அவர் சொல்வது நான் எழுதியதைவிட நன்றாகவே இருக்கும்.

எப்போது அனுப்புவது என்பதில் எங்களுக்குள் இணக்கம் ஏற்படவில்லை. யாழ்ப்பாணத்தில் தை பிறக்கும் விடியலில் டொரன்டோவில் முந்தைய நாள் இரவு எட்டு மணி. கடை இன்னும் திறந்திருக்கும். அப்போது அனுப்பினால் சர்க்கரை வாங்க மறந்தவர் ஓடி வருவார் என்பது கடைக்காரரின் கணக்கு. 'பொங்கியாச்சு' என்று பொங்குமுன்பே எப்படிச் சொல்வது என்பது என் கேள்வி. சரக்கு வந்திருப்பதைச் சொல்ல முந்தைய இரவு தனியாக ஒரு குறுஞ்செய்தி போதும் என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.