குடும்ப மேடை: ஒரு தாள் டம்ளரும் ஏழு வயதுக் கைகளும்



கோடை விடுமுறையில் காட்பாடியில் நம் பங்குக் கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை அமரவைத்துத் தாள் மடிக்கக் கற்றுக்கொடுத்தோம். முந்திய ஆண்டும் கற்றுக்கொடுத்ததுண்டு. அப்பொழுது இறுதியில் மிக நேர்த்தியாய் மடித்தவர் மூவருக்குப் பரிசளித்தோம். மறுநாள் நான்கு பிள்ளைகள் வரவில்லை. அவர்கள் மடித்த தாள்கள் கூடத்தின் மூலையில் கசங்கிக் கிடந்தன. தவறு எங்களுடையதே. ஆகவே இவ்வாண்டு மடிப்பதற்கு எவ்வளவு ஆயத்தம் செய்தோமோ அவ்வளவு ஆயத்தத்தை மடித்த பின் பேசுவதற்கும் செய்தோம். வீட்டிலும் மறைக்கல்வி வகுப்பிலும் முயன்று பார்க்க விரும்புவோருக்காக அதனை இங்கே எழுதுகிறோம்.

தாள் மடிப்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. தண்டலம் சுந்தரராவ் என்பவர் 1893ஆம் ஆண்டிலேயே, தாளை மடித்து வடிவ கணிதம் கற்பது பற்றிச் சென்னையில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். சிறுபிள்ளைகளின் கிண்டர்கார்டன் பெட்டியில் இருந்த வண்ணச் சதுரத் தாள்களே தமக்கு அந்த எண்ணத்தைத் தந்தன என்று முன்னுரையில் அவர் கூறுகிறார். அத்தாள்களின் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசப்பட்டிருந்தது. இது அழகுக்காக மட்டும் பயன்படுவதன்று. வண்ணப் பக்கம் வெளியே தெரிய வேண்டுமா, உள்ளே மறைய வேண்டுமா என்பதைப் பிள்ளை கண்ணால் கண்டுகொள்கிறது. நாங்களும் ஒரு பக்கம் வண்ணமுள்ள தாளையே 20 செ.மீ. சதுரமாக வெட்டி வைத்தோம். சதுரம் ஒரு நூலளவு கோணினாலும் கடைசி மடிப்பில் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் வெட்டுவது பெரியவர் வேலை.

மடித்தது தண்ணீர் குடிக்கும் டம்ளர். படங்கள் ஆறு. ஒரு படத்தில் ஒரே மடிப்புத்தான் இருக்க வேண்டும். மடிக்க வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வரும் கோடு, தாள் நகரும் திசைக்கு ஓர் அம்புக்குறி, அவ்வளவே. இவ்வகைக் குறிகளை ஜப்பானின் அகிரா யோஷிசாவா 1954இல் தம் நூலில் அமைத்துக் காட்டினார். இன்றும் உலகெங்கும் தாள் மடிப்போர் அவ்வழியையே பின்பற்றுகின்றனர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்துப் பிள்ளைக்கு வாக்கியத்தைவிட அம்புக்குறி எளிது. ஒரு படத்தைச் செய்து முடித்ததும், தன் கையிலுள்ள தாளை அடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி பழக்கினோம். அடுத்த படமே விடை. “டீச்சர், சரியா?” என்ற கேள்வி அதனால் பாதியாய்க் குறைந்தது.

முதற்படம்: வண்ணம் வெளியே தெரிய, சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குதல். நீண்ட பக்கம் நம்மை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். இரண்டாம் படத்தில் இடது சாய்ந்த ஓரத்தில் ஒரு புள்ளி. மூன்றாவதில் வலக்கீழ் மூலை அந்தப் புள்ளிக்குச் செல்கிறது. நான்காவதில் இடக்கீழ் மூலை குறுக்கே வந்து, வலப்பக்கம் புதிதாய் உண்டான மூலையைத் தொடுகிறது. இப்போது மேலே ஈரடுக்காக ஒரு சிறு முக்கோணம் எஞ்சும். அதன் முன்னடுக்கை முன்னாலுள்ள பைக்குள் செருகுவது ஐந்தாம் படம். தாளைத் திருப்பிப் பின்னடுக்கைப் பின்புறமே மடித்து இறக்குவது ஆறாம் படம். வாயை விரித்தால் டம்ளர்.

இடர் முழுவதும் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. வலச் சாய்ந்த ஓரத்தைக் கீழ்ப்பக்கத்தின்மேல் படியவைத்தால் ஒரு மடிப்புக்கோடு விழும். அக்கோடு இடது ஓரத்தைச் சந்திக்குமிடமே புள்ளி. 20 செ.மீ. தாளில் அது உச்சியிலிருந்து ஏறத்தாழ 8¼ செ.மீ. கீழே வரும். ஒன்பது வயதினர் இதைத் தாமே கண்டுபிடிப்பர். ஏழு வயதினர்க்கு அந்தக் கூடுதல் கோடு குழப்பத்தையே தரும். ஆகவே நாங்கள் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தோம். அதிலும் முதல்நாள் இடறினோம். மடிக்கும் முன்பே புள்ளி வைத்த தாள்களைக் கொடுத்துவிட்டதால், பாதிப் பேருக்குப் புள்ளி பின்புறம் போய்விட்டது. முக்கோணம் மடித்து, நேராக வைத்த பிறகே புள்ளி வையுங்கள். மூன்றாம் படத்தில் மடிந்த துண்டின் மேல்விளிம்பு கீழ்ப்பக்கத்தோடு இணையாய்ப் படுத்திருந்தால் மடிப்பு சரி. அது சரிந்திருந்தால் டம்ளரின் வாய் கோணும். அப்பொழுதே பிரித்துத் திரும்ப மடித்தல் நலம்.

இராணிப்பேட்டையில் காலணித் தொழிற்சாலையொன்றில் தோலின் ஓரத்தை மடித்து ஒட்டும் வேலை செய்யும் தாயொருவர் அன்று மகளை அழைத்துச் செல்ல வந்தார். பிள்ளைகள் உள்ளங்கையால் தாளை அறைவதைக் கண்டு, “முதல்ல ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு சேரட்டும் கண்ணு, அப்புறம் நடுவுலேருந்து வெளியே நகத்தால இழு” என்று சொல்லிக் காட்டினார். நாங்கள் அரைமணி நேரம் விளக்கியும் ஏறாதது அந்த ஒரு சொல்லில் ஏறிற்று.

இனி, பேச்சுக்கு வருவோம். ஐவர் ஐவராக வட்டமாக அமர்ந்தார்கள். தம் டம்ளரைத் தாமே காட்டுவதில்லை. ஒவ்வொருவரும் அதை வலப்பக்கத்தாரிடம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். “நல்லா இருக்கு” என்பது செல்லாது. “இதில் நான் பார்த்தது” என்று தொடங்க வேண்டும். பின்னர் செய்தவர், தம் கை எந்தப் படத்தில் நின்றது என்று சொல்வார். மற்றவருடையதோடு ஒப்பிடுவது கூடாது. நாங்களும் எதுவும் சொல்வதில்லை. எங்களுக்கு இதுவே கடினமாயிருந்தது. ஆசிரியர் ஒரு டம்ளரைப் புகழ்ந்தால் மற்ற நான்கும் அக்கணமே தாழ்ந்துவிடும்.

முதற்சுற்றில் எல்லோரும் வண்ணத்தைப் பற்றியே பேசினார்கள். “சிவப்பு”, “பச்சை” என்பதற்குமேல் நகரவில்லை. “விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றதும் பேச்சு மாறிற்று. “ஓரம் கூரா இருக்கு”, “உள்ளே ஒரு பை இருக்கு” என்றனர்.

ஒரு வட்டத்தில் ஒரு பையன் தன் டம்ளரைக் கொடுக்க மறுத்து, முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டான். வாய் கோணி, ஓரிடத்தில் கிழிந்துமிருந்தது. கொடுக்கும்படி நாங்கள் வற்புறுத்தவில்லை. அவனை விட்டுச் சுற்று நகர்ந்தது. மற்ற நால்வரும் தத்தம் கை நின்ற படத்தைச் சொன்னார்கள். மூவர் நின்றது மூன்றாம் படத்தில். அதைக் கேட்ட பிறகு அவன் அதனை எடுத்து அருகிலிருந்த சிறுமியிடம் நீட்டினான். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இதில் நான் பார்த்தது, நெறைய கோடு. இந்தப் பக்கம் நாலு கோடு இருக்கு. நாலு தடவை பிரிச்சு மடிச்சிருக்கான்.” அவன் திருத்தினான்: “அஞ்சு தடவை.”

பின்பு எல்லார் டம்ளரிலும் பானைத் தண்ணீர் ஊற்றினோம். செய்தித்தாளில் மடித்ததில் குடிக்கக் கூடாது. அச்சு மை கரையும். சாயம் ஒட்டும் வண்ணத்தாளானாலும் அவ்வாறே. ஆகவே குடிப்பதற்கென்று வெள்ளைத்தாளில் வேறொன்று மடிக்கச் செய்தோம். சில நிமிடம் தண்ணீர் நிற்கும். அடிமூலை நனைந்து தளர்ந்ததும் கசியத் தொடங்கும். அந்தப் பையன் இந்த முறை புள்ளிக்காகக் காத்திராமல், வலது ஓரத்தைக் கீழே படியவைத்துத் தானே குறி கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. இரண்டு முறை தண்ணீர் வாங்கிக் குடித்தான்.