ராணி போல் வைத்திருப்பேன் என்றொரு வாக்குறுதி

சென்ற மாதம் மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. அனுப்பியவன் மடுல்கெல்லையில் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த என் நண்பரின் மகன். கொழும்பில் வங்கியொன்றில் வேலை செய்கிறான். மணமகளும் அதே மலைப்பக்கத்துப் பெண். அங்கேயே பாடசாலை ஆசிரியை. "மாமா, தாலி கட்டிய பிறகு நாங்கள் இருவரும் ஓர் உறுதிமொழி வாசிக்கப் போகிறோம். நான் எழுதியிருக்கிறேன். பெயரை மாற்றி அவளும் அதையே வாசிப்பாள். பத்திரிகையில் திருத்துவது போல் திருத்தித் தாருங்கள்" என்று கேட்டிருந்தான்.

நம்மவர் இந்துத் திருமணத்தில் மணமக்கள் வாய் திறப்பதே அரிது. மந்திரத்தை ஐயர் சொல்வார். வாழ்த்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். இருவரும் தம் வாயால் பேசும் இடம் விவாகப் பதிவாளரின் மேசை ஒன்றுதான். இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, வேறெந்தச் சடங்கும் நடக்காவிட்டாலும் தன் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுப் பதிவேட்டில் ஒப்பமிட்டால் அவர்கள் கணவன் மனைவி என்று பதிவாளர் அறிவிக்க வேண்டும். செல்லுபடியாகும் விவாகரத்துத் தீர்ப்பின்றி அந்தப் பிணைப்பு அவிழாது என்பதையும், அதற்குள் இன்னொருவரை மணந்தால் அது குற்றம் என்பதையும் அவர் கூற வேண்டும். பின்னர் இருவரும், கூடியிருப்போரைச் சாட்சியாக அழைத்து, ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்கின்றனர். அதில் கண்ணே மணியே இல்லை. மீறினால் மீறினோம் என்று தெரியக்கூடிய சொற்களே உண்டு. பையனின் வரைவை நான் அந்த அளவுகோலைக் கொண்டுதான் வாசித்தேன்.

வரைவில் ஏறத்தாழ முந்நூற்றைம்பது சொற்கள் இருந்தன. பாதிக்கு மேல் நிலவும் நட்சத்திரமும் பனி மூடிய மலையும். அவற்றை அடிப்பது கடினமன்று. "ஏழு பிறவியிலும் உன்னோடிருப்பேன்" என்பதை இவன் மீறினான் என்று எவரும் ஒருநாளும் நிறுவ முடியாது. அப்படிப்பட்ட ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதினேன்: இதை நீ செய்யவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? விடையில்லாத வரிகளை நீக்கியபோது மூன்று வாக்குறுதிகள் மிஞ்சின.

முதலாவது: "இனி நீ வேலைக்குப் போய்க் கஷ்டப்பட வேண்டியதில்லை, உன்னை ராணி போல் வைத்திருப்பேன்." மண்டபத்தில் வாசித்தால் அத்தைமார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் பெயரை மாற்றி மணமகளின் வாயில் வைத்துப் பாருங்கள். "இனி நீங்கள் வேலைக்குப் போக வேண்டியதில்லை" என்று அவள் வங்கி ஊழியனிடம் சொன்னால் மண்டபமே சிரிக்கும். ஒருவர் சொன்னால் அன்பாகவும் மற்றவர் சொன்னால் வேடிக்கையாகவும் இருக்கும் வரியை வாக்குறுதி என்று கொள்வதற்கில்லை. இனிப்புத் தடவிய முடிவு அது. அதுவும் அவளுடைய வேலையைப் பற்றி, அவளைக் கேளாமல் எடுத்த முடிவு. தொலைபேசியில் கேட்டேன். "அன்பாகத்தானே மாமா எழுதினேன்" என்றான். "அவளிடம் கேட்டாயா?" என்றேன். சற்று நேரம் மௌனம். அன்று மாலை கேட்டிருக்கிறான். வேலையை விடும் எண்ணமே அவளுக்கு இல்லையாம். கொழுந்துக் கூடை சுமந்த தாய் படிக்க வைத்துப் பெற்றுத் தந்த நியமனம் அல்லவா!

மிகையுணர்ச்சி இரசனைக் குறைவு மட்டுமே என்றால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். பேசித் தீர்க்க வேண்டியதைப் பேசாமலே கடந்துவிட அது வழி செய்கிறது. என் கருத்தில் அதுவே அதன் தீங்கு.

இரண்டாவது: "ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு உன்னை அழைப்பேன்." இது திட்டவட்டமானதுதான், ஆனால் முதல் வாரத்திலேயே உடையும். மழை நாளில் அந்த மலைச்சரிவில் தொலைபேசி அலை கிடைப்பது அவன் கையில் இல்லை. வாக்குறுதி தன் கைக்கு எட்டியதாக இருக்க வேண்டும். தவறும் நாளில் என்ன செய்வது என்பதும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். வங்கி மூடியிருக்கும் போயா தினத்துக்கு ஊர் வருவது அவன் கையில் உள்ளது. ஆகவே அதை மாற்றி வைத்தோம்.

மூன்றாவது, கடனை மறைக்க மாட்டேன் என்பது. பத்தியொன்றின் நடுவே புதைந்து கிடந்தது. வரைவிலேயே பெறுமதியான வரி அதுதான். மேலே எடுத்து வைத்தேன்.

இனி ஓசை. நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது இன்னொன்று. "உன்னைவிட்டுப் பிரிந்திருக்கவியலாதவனாகிய நான்" என்பது தாளில் கம்பீரமாக நிற்கும். ஒலிவாங்கியின் முன் பாதியில் மூச்சு வாங்கும். வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் இரண்டாக வெட்ட வேண்டும். 1549இல் இங்கிலாந்துத் திருச்சபை வெளியிட்ட பொது வழிபாட்டு நூலின் திருமண உறுதிமொழி இன்றும் நாவில் நிற்பதற்கு ஒரு காரணம், குருவானவர் சொல்லச் சொல்ல மணமக்கள் துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்லும்படி அது அமைந்திருப்பதுதான். தம்பிக்கு நான் சொன்ன சோதனை எளியது: அம்மா அடுப்படியில் வேலையாக இருக்கும்போது வாசலில் நின்று வாசி, "என்ன சொன்னாய்?" என்று அவர் கேட்கும் இடங்களில் கோடிடு. ஏழு கோடுகள் வந்தனவாம்.

ஓசையில் இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. அவன் வாசித்தால் 'நீ', அவள் வாசித்தால் 'நீங்கள்'. இருவரும் 'நீ' என்றால் பாட்டி முகம் சுளிப்பார். ஒருவர் மட்டும் சொன்னால் சமமான உறுதிமொழி ஒலியிலேயே சாய்ந்துவிடும். தமிழ் வினைமுற்று நமக்குக் கைகொடுத்தது. பெயர் சொல்லித் தொடங்கி, பிறகு 'ஏன்', 'ஓம்' விகுதிகளை மட்டும் வைத்தே முடிக்கலாம். இறுதி வடிவம் இது:

"கடன் எதையும் மறைக்க மாட்டேன். மாதம் ஒருமுறை இரண்டு சம்பளத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கணக்குப் பார்ப்போம். அவரவர் வேலையைப் பற்றி அவரவரே முடிவெடுப்போம். போயா விடுமுறைக்கு வீடு வருவேன். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்வேன். கோபத்தில் பேச்சு நின்றால், மறுநாள் காலைத் தேநீருக்கு முன் நானே முதலில் பேசுவேன்."

அவளுடைய பிரதியில் ஒரு வரி மட்டும் வேறு: போயாவுக்குப் பதிலாக, பாடசாலை விடுமுறைக்குக் கொழும்பு வருவேன். மெதுவாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சட்டத்தின் கண்ணில் இதற்கு மதிப்பில்லை. பதிவாளர் முன் சொல்லும் சொற்களுக்கு இது ஈடாகாது. அவற்றை அவர்கள் தனியே சொல்லத்தான் வேண்டும்.

நிலவை முழுவதுமாக எடுத்துவிட்டீர்களே மாமா என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். போயா தினத்தில் நிலவு தானாகவே வரும் என்று பதில் எழுதினேன்.