‘பேஷண்ட் ஸ்டேபிள்’னு மெசேஜ் அனுப்புற டாக்டர்களுக்கும், அதை வாங்கிப் படிக்கிறவங்களுக்கும்

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

நாங்க வார்டுல பேசுறது ஒரு கலப்பு மொழி. "சிவியரா வாமிட்டிங், விஷன் பிளர்ரா இருக்கு, இம்மீடியட்டா அட்மிட் பண்ணுங்க." பேசும்போது இதுல சிக்கல் இல்ல. முகத்தைப் பார்த்துப் பேசுறோம், புரியலைனா திரும்பக் கேப்பாங்க. இதையே அப்படியே மெசேஜா அனுப்புறோம் பாருங்க, அங்கதான் தப்பு. மெசேஜைத் திரும்பக் கேள்வி கேக்க முடியாது.

"டெஸ்ட் நெகட்டிவ்"னு அனுப்பினா, ஏதோ கெட்ட செய்தின்னு வீட்டுல அழுறாங்க. "ஸ்டேபிள்"னு அனுப்பினா, பொழைச்சுட்டார்னு நினைச்சுட்டு ஊருக்குக் கிளம்பிடுறாங்க. நாம சொல்ல வந்தது "இப்போதைக்கு மோசமாகல" அவ்வளவுதான்.

கருணாபுரத்தை எடுத்துக்குவோம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல இறந்தாங்க. அன்னைக்கு அந்தத் தெருவுல ஒவ்வொரு போனுக்கும் ஒரே ஒரு மெசேஜ் போகணும்னா அது எப்படி இருக்கணும்? உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இது அன்னைக்கு அனுப்பினது இல்ல, என் பயிற்சி.

வாயில முதல்ல வந்தது: "மெத்தனால் பாய்சனிங் சிம்ப்டம்ஸ் இருந்தா இம்மீடியட்டா ஜி.எச்.க்கு ரிப்போர்ட் பண்ணுங்க."

இதைச் 'சுத்தத் தமிழ்' ஆக்கச் சொன்னா அலுவலகத் தமிழ் ஒண்ணு வரும்: "நச்சுச் சாராயம் அருந்தியோர் நோய் அறிகுறிகள் தென்படின் உடனடியாக மருத்துவமனையை அணுகவும்." ஆங்கிலம் போயிருச்சு. ஆனா ஆளும் வரமாட்டார். ஏன்னா, தான் குடிச்சது 'நச்சு'ன்னு அவருக்குத் தெரியாது. வழக்கமா வாங்குற இடத்துல வழக்கமா வாங்குறதைத்தான் வாங்கினார். 'கள்ளச்சாராயம்'னு போட்டாலும் அது பேப்பர்காரங்க வார்த்தை. குடிச்சவருக்கு அது வெறும் சாராயம். அதனால 'சாராயம்'னு மட்டும் எழுதணும்.

'அறிகுறி இருந்தால்'ங்கிறதும் ஆபத்து. மெத்தனால் உடனே கொல்றதில்ல. உடம்புல அது ஃபார்மிக் அமிலமா மாற நேரம் எடுக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழிச்சுத்தான் வயித்துவலி, வாந்தி, கண் மங்கல் வரும். அதுவரை போதை இன்னும் இறங்கலைன்னு படுத்திருப்பார். அந்த அமிலம் சேரும் முன்னாடி வந்தா மருந்து கொடுத்துத் தடுக்கலாம், டயாலிசிஸ்ல வெளியேத்தலாம். ஆக, மெசேஜ்ல இருக்க வேண்டிய வரி "நல்லா இருந்தாலும் வாங்க".

'மயக்கம்'னு எழுதியிருந்தேன், அடிச்சுட்டேன். நல்ல தமிழ் வார்த்தைதான். ஆனா ஒருத்தருக்கு அது தலைசுத்தல், இன்னொருத்தருக்கு நினைவு தப்புறது. 'கண் மங்கினா'ன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். 'நேற்று குடித்தவர்கள்'ங்கிறதையும் எடுத்தேன். மெசேஜ் ஃபார்வர்டு ஆகிட்டே போகும், மூணாவது நாள் 'நேற்று' பொய்யாயிடும். தேதி போடணும். "போலீஸ் கேஸ் ஆகாது"ன்னு எழுத ஆசை. விஷம் சம்பந்தப்பட்ட கேஸ்னா நாங்க போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். காப்பாத்த முடியாத வாக்கை எழுதக்கூடாது.

கடைசியில வந்தது:

"ஜூன் 18, 19-ல் சாராயம் குடிச்சவங்க உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. இப்போ நல்லா இருந்தாலும் வாங்க. கண் மங்கினா 108-ஐ கூப்பிடுங்க."

'ஆஸ்பத்திரி' தமிழா? சண்டைக்கு வராதீங்க. ஒரு பொருளுக்கோ இடத்துக்கோ ஊர் வச்சிருக்கிற பேரை நான் மாத்தமாட்டேன். நான் தூக்கி எறியுறது 'பண்ணு' போட்டு ஒட்டின வினைகளை: அட்மிட் பண்ணு, ரிப்போர்ட் பண்ணு, அவாய்ட் பண்ணு. சேர், வா, குடிக்காதன்னு மூணுக்கும் நம்மகிட்ட ஒரே சொல்லுல வினை இருக்கு. முக்கால்வாசி கலப்பு அங்கயே காலி.

பேச்சுத் தமிழ்ல எழுதினதுக்கு இன்னொரு காரணம், இடம். ஆங்கில எழுத்துன்னா ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்து போகும். தமிழ்னா 70, ரெண்டு சேர்ந்தா 134. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாக் கணக்காகும். மேல இருக்கிறது 128, ரெண்டுல அடங்குது. அதையே 'குடித்தவர்கள், வாருங்கள், கூப்பிடுங்கள்'னு எழுதினா மூணாவதுக்குப் போயிடும்.

எழுதி முடிச்சு, வார்டுல துப்புரவு வேலை பார்க்கிற அக்காகிட்ட காட்டினேன். சத்தமாப் படிச்சாங்க, எங்கயும் தடுமாறல. "எந்த ஊர் ஆஸ்பத்திரி சார்?"னு கேட்டாங்க.

'கள்ளக்குறிச்சி'ன்னு சேர்த்தேன். 143 ஆயிருச்சு. மூணாவது எஸ்எம்எஸ் போனாப் போகட்டும்.