கண் ரோட்டில, கவனம் எங்க?

"கண் ரோட்டில, கை ஸ்டியரிங்கில, அப்புறம் என்ன ஆபத்து?" ஆண்ட்ராய்டு ஆட்டோ திரை பூட்டிய வேன்காரங்க சொல்ற நியாயம் இது. பாதி நியாயம்தான்.

மெசேஜ் வந்ததும் திரையைத் தட்டினால் குரல் வாசிக்கும். வாயால் பதில் சொன்னால், அதைத் திருப்பி வாசித்து அனுப்பவா என்று கேட்கும். ஆங்கிலத்துக்கு இது சரி. நம்ம ஆட்கள் "அண்ணே எங்க இருக்கீங்க" என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுறாங்களே, அதை ஆங்கிலக் குரல் வாசித்தால் அனுப்பினவருக்கே விளங்காது. முழுச் செய்தியும் திரையில் வராது. அப்போ கை எங்க போகும்? போனுக்குத்தான்.

சரி, தெளிவாகவே வாசிக்கட்டும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அளந்து சொன்னது: குரல் கட்டளை முடிந்த பிறகும், மோசமான கருவிகளில், சிதறிய கவனம் முழுசாகத் திரும்ப 27 செக்கன் வரை எடுக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர். லுணுகலை–பசறை ரோட்டில் 300 மீட்டருக்குள் எத்தனை முடக்கு?

2021 மார்ச் 20, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. ரோட்டில் உருண்டு கிடந்த பாறை, எதிரே லொறி. போன் காரணமில்லை. ஆனா அந்த ரோடு ட்ரைவருக்கு எவ்வளவு நேரம் தருதுன்னு பாருங்க.

அந்தத் திரையில் உருப்படியானது, வண்டி ஓட்டுறேன் என்று ஒரே தட்டில் போகும் தயார் பதில். அது வந்த பிறகும் வீட்டிலிருந்து மெசேஜ் மேல மெசேஜ் போடாதீங்க. ஆஸ்பத்திரி விஷயமா? கோல் எடுங்க, அகலமான இடத்தில் நிறுத்திட்டுப் பேசட்டும்.